செய்தியாளர் கருத்துக் கேட்கும்போது சிறு நிறுவனம் என்ன செய்யலாம்? ஐந்து வழிகளின் ஒப்பீடு

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சிறுதொழில் நடத்துவோர் என்னிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். ஒரு நிருபர் புலனத்தில் நான்கு கேள்விகளை அனுப்பியிருப்பார். மாலை ஆறு மணிக்குள் பதில் வேண்டும் என்றும் எழுதியிருப்பார். பேசாமல் இருந்துவிடலாமா, "கருத்து இல்லை" என்று சொல்லலாமா, எழுதித் தரலாமா, அழைத்துப் பேசிவிடலாமா, வழக்கறிஞரை எழுதச் சொல்லலாமா என்ற குழப்பத்தில் பாதி நேரம் போய்விடுகிறது. பெரிய நிறுவனங்களுக்கு இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கும். பதினைந்து பேர் வேலை செய்யும் இடத்தில் கணக்கையும் சமையலையும் விநியோகத்தையும் கவனிக்கும் அதே முதலாளிதான் இதற்கும் பதில் எழுத வேண்டும். ஆகவே அப்படிப்பட்ட ஒருவரை மனத்தில் வைத்தே இந்த ஐந்து வழிகளையும் எடைபோடுகிறேன்.

பேச்சு காற்றில் நிற்காதிருக்க, கற்பனையான ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். புக்கிட் மெர்தாஜாமில் உள்ள ஓர் உணவு விநியோக நிறுவனம் செவ்வாய்க்கிழமை பட்டர்வொர்த்தில் நடந்த ஒரு பயிற்சிக்கு 180 மதிய உணவுப் பொட்டலங்களை அனுப்பியது. அன்று மாலையிலிருந்து பங்கேற்பாளர்கள் சிலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்பட்டன. புதன்கிழமை காலை மாவட்டச் சுகாதார அலுவலகத்தினர் வந்து சமையற்கூடத்தைச் சோதித்தனர். மாதிரிகளை எடுத்துக்கொண்டு, கூடத்தை மூடும் உத்தரவையும் கொடுத்துச் சென்றனர். பிற்பகல் 2.40 மணிக்கு நிருபரின் கேள்விகள் வந்தன. உங்கள் உணவை உண்டதால் 23 பேர் நோயுற்றது உண்மையா? உங்கள் கூடம் மூடப்பட்டதா? காய்ச்சலோடு ஒரு ஊழியர் சமைத்தார் என்கிறார்களே? இழப்பீடு தருவீர்களா?

## முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

செய்தியாளர் எதற்காகக் கேட்கிறார் என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அவதூறு வழக்குகளில் பொறுப்பான இதழியல் என்ற எதிர்வாதம் உண்டு. 1999-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை வழங்கிய ரெனால்ட்ஸ் தீர்ப்பு அதற்குப் பத்து அளவுகோல்களை வகுத்தது. நம் நாட்டு நீதிமன்றங்களும் அவ்வாதத்தை ஏற்றுள்ளன. சம்பந்தப்பட்டவரிடம் கருத்துக் கேட்கப்பட்டதா, அவர் தரப்பின் சாரம் செய்தியில் இடம்பெற்றதா என்பவையும் அந்தப் பத்தில் அடங்கும். எனவே நிருபர் உங்களுக்குக் கேள்வி அனுப்பியதே அவருடைய பாதுகாப்புக்கான ஒரு பதிவாகும். நீங்கள் மௌனமாக இருந்தால் செய்தி நின்றுவிடும் என்ற நம்பிக்கைக்கு இங்கே பெரிதாக இடமில்லை.

அடுத்ததாக, ஒவ்வொரு வழியையும் நான்கு கேள்விகளால் அளந்து பார்க்கிறேன். கெடு முடிவதற்குள் ஆவணத்தைக் காட்டி உறுதிப்படுத்தக்கூடிய உண்மைகள் நம்மிடம் எத்தனை உள்ளன என்பது முதல் கேள்வி. நாம் சொல்வதைப் பின்னாளில் யார் நமக்கு எதிராக எடுத்துக் காட்ட முடியும் என்பது இரண்டாவது. நம் பதிலில் வேறொருவருடைய தனிப்பட்ட விவரம் அடங்குகிறதா என்பது மூன்றாவது. நாம் தருவதில் எந்த வரி உண்மையில் அச்சாகும் என்பது நான்காவது.

இரண்டாவது கேள்வியைத்தான் சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. 1950-ஆம் ஆண்டு சான்றுச் சட்டத்தின்படி, நிறுவனத்தின் சார்பில் பேச அதிகாரம் பெற்றவர் சொன்னது, அந்நிறுவனமே ஒப்புக்கொண்டதாக நீதிமன்றத்தில் முன்வைக்கப்படலாம். பொதுப் பொறுப்புக் காப்புறுதி எடுத்திருந்தால் அந்த ஒப்பந்தத்தையும் எடுத்துப் படிக்க வேண்டும். காப்புறுதி நிறுவனத்தின் சம்மதமின்றிப் பொறுப்பை ஏற்கவோ இழப்பீடு தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்ற நிபந்தனை அவற்றில் வழக்கமாக இருக்கும். நல்ல மனத்தோடு நிருபரிடம் "எல்லாச் செலவையும் நாங்களே ஏற்கிறோம்" என்று சொன்ன ஒரு வரி, அந்தச் செலவை ஏற்க வேண்டிய காப்புறுதியையே கைநழுவச் செய்யக்கூடும்.

| வழி | உண்மைகள் குறைவாக உள்ளபோது | பின்னால் திரும்பி வரும் ஆபத்து | செய்தியில் அச்சாவது | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| பதிலின்மை | பிழை செய்ய வழியில்லை | குறைவு | "தொடர்புகொள்ள முயன்றும் பதில் கிடைக்கவில்லை" | பிறர் சொல்வது மட்டுமே பதிவாகும் |
| "கருத்து இல்லை" | பிழை செய்ய வழியில்லை | குறைவு | அந்த இரண்டு சொற்கள் | குற்ற உணர்வாக வாசிக்கப்படும் |
| எழுத்து அறிக்கை | உறுதியானதை மட்டும் எழுதலாம் | வரிக்கு வரி கட்டுப்படுத்தலாம் | ஒன்று அல்லது இரண்டு வாக்கியங்கள் | முதலாளியின் நேரம், தொடர்ந்து தகவல் தர வேண்டிய கடமை |
| தொலைபேசிப் பேட்டி | ஊகம் புகுந்துவிடும் | அதிகம் | நிருபர் தேர்ந்தெடுக்கும் வரி | திருத்த முடியாது |
| வழக்கறிஞர் கடிதம் | பொருந்தாது | மிகக் குறைவு | கடிதம் வந்தது என்பதே செய்தி | கட்டணம், உறவு முறிவு |

## பதில் தராமலே இருப்பது

கேட்பவர் உண்மையில் செய்தியாளர்தானா என்பது உறுதியாகாத நிலையில் இது தற்காலிகமாகச் சரியான வழி. அந்த ஊடகத்தின் இணையத்தளத்தில் உள்ள அலுவலக எண்ணை அழைத்து, இப்பெயரில் ஒரு நிருபர் இருக்கிறாரா என்று கேட்டால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். செய்தியில் அனுப்பப்பட்ட எண்ணையே திரும்ப அழைப்பது சரிபார்ப்பாகாது. பின்தொடர்வோர் இல்லாத ஒரு முகநூல் கணக்கு வதந்தியைக் கிளப்பி அதற்குப் பதில் கேட்டால், பதில் தருவதே அந்த வதந்தியை ஊரறியச் செய்துவிடும். அங்கேயும் மௌனம் பொருந்தும்.

நம் எடுத்துக்காட்டில் அது பொருந்தாது. மூடும் உத்தரவு கூடத்தின் வாசலில் ஒட்டப்பட்டிருக்கிறது, பங்கேற்பாளர்கள் பேசுகிறார்கள், சுகாதார அலுவலகத்திடமும் நிருபர் கேட்பார். உங்கள் தரப்பு மட்டும் இல்லாமல் செய்தி வெளியாகும். அடுத்த ஆண்டு ஒப்பந்தம் தரவிருக்கும் பள்ளியோ தொழிற்சாலையோ இணையத்தில் தேடும்போது அந்தச் செய்திதான் முதலில் கண்ணில் படும்.

## "கருத்து இல்லை"

இதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மௌனத்தால் கிடைக்கும் பாதுகாப்பு இதிலும் கிடைக்கும். ஆனால் செய்தியில் உங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரே வரியை ஒன்றுமே சொல்லாமல் செலவழித்துவிடுவீர்கள். என் பார்வையில் ஐந்து வழிகளில் மிக மோசமானது இதுவே. விசாரணை நடப்பதால் பேச முடியவில்லை என்றால், எந்த அலுவலகம் விசாரிக்கிறது, அது எப்போது தொடங்கியது என்ற இரண்டு உண்மைகளையாவது அதோடு சேர்த்துச் சொல்லலாம். சேர்த்த மறுகணமே அது அடுத்த வகையான எழுத்து அறிக்கையாகிவிடும்.

## எழுத்து அறிக்கை

சிறு நிறுவனத்துக்குப் பெரும்பாலான சூழல்களில் இதுவே ஏற்றது என்பது என் கணிப்பு. ஆனால் எழுத உட்காரும் முன் ஒரு தாளை மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்: ஆவணம் உள்ளவை, பிறர் சொல்லித் தெரிந்தவை, தெரியாதவை. நம் நிறுவனத்திடம் 180 பொட்டலங்களுக்கான விலைப்பட்டியல் இருக்கிறது. பட்டர்வொர்த்தில் 12.25 மணிக்குப் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிட்ட விநியோகச் சீட்டு இருக்கிறது. 2.30 மணிக்குள் உண்ண வேண்டும் என்று அச்சிட்ட ஒட்டுச்சீட்டின் நகலும் மூடும் உத்தரவும் இருக்கின்றன. சிலர் நோயுற்றதாக ஏற்பாட்டாளர் தொலைபேசியில் சொன்னது இரண்டாவது பத்தியில் சேரும். 23 என்ற எண்ணும் நோயின் காரணமும் மூன்றாவது பத்திக்குரியவை.

காரணத்தைப் பற்றிய ஆசையை அடக்குவதுதான் கடினம். "எங்கள் உணவு காரணமாக இருக்க முடியாது, காலையில் அவர்கள் வேறெங்கோ சாப்பிட்டிருக்கிறார்கள்" என்று சொல்லத் தோன்றும். உணவு நஞ்சாதலில் கிருமிக்கேற்ப நேரம் மாறும். ஸ்டாஃபிலோகாக்கஸ் நச்சு சில மணி நேரத்திலேயே வாந்தியை உண்டாக்கும். சால்மோனெல்லா ஆறு மணி நேரத்திலும் வேலையைக் காட்டலாம், ஓரிரு நாள் கழித்தும் காட்டலாம். மதியம் உண்டவர் மாலையில் நோயுற்றார் என்பதை மட்டும் வைத்து ஒரு முதலாளி எதையும் மறுக்கவோ ஏற்கவோ முடியாது. இன்று மறுத்ததை நாளை ஆய்வுக்கூட முடிவு பொய்யாக்கினால், அந்த மறுப்பே இரண்டாவது செய்தியாகும்.

மூடும் உத்தரவைப் பற்றிய கேள்விக்கு நேரடியாகவே பதில் தர வேண்டும். 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்கீழ், தூய்மையற்றதாகக் கருதப்படும் வளாகத்தை 14 நாளுக்கு மேற்படாமல் மூட உத்தரவிட முடியும். சிலர் இதை மறைத்து, "தூய்மைப் பணிக்காக நாங்களே மூடியுள்ளோம்" என்று எழுதுகிறார்கள். சுகாதார அலுவலகத்துக்கு ஒரே ஓர் அழைப்பு போதும், அது உண்மையன்று என்று தெரிந்துவிடும். அதன் பிறகு அறிக்கையில் உள்ள மற்ற உண்மைகளையும் எவரும் நம்பமாட்டார்கள்.

காய்ச்சலோடு சமைத்த ஊழியர் பற்றிய கேள்விதான் இக்கட்டானது. திங்கட்கிழமை ஒரு சமையலர் மருத்துவ விடுப்பு எடுத்தது முதலாளிக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். "அப்படி யாரும் இல்லை" என்பது பொய்யாகிவிடும். "ஒருவர் திங்கட்கிழமை விடுப்பில் இருந்தார், செவ்வாய்க்கிழமை வந்தார்" என்பது உண்மையாக இருந்தாலும், பதினைந்து பேர் வேலை செய்யும் இடத்தில் அது யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும். 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை மிகக் கவனத்துக்குரிய தரவாகக் கருதி, அதற்கு வெளிப்படையான சம்மதத்தைக் கேட்கிறது. ஆகவே ஊழியர்களின் உடல்நல விவரங்களைச் சுகாதார அலுவலகத்திடம் மட்டுமே தருவோம் என்று எழுதலாம். விடுப்புப் பதிவேட்டை உண்மையிலேயே அவர்களிடம் ஒப்படைத்திருந்தால்தான் அந்த வாக்கியம் நேர்மையானதாகும். அறிக்கையை அனுப்பும் முன் அதை ஒப்படைத்துவிட வேண்டும்.

இவற்றை வைத்து எழுதினால் அறிக்கை ஏறத்தாழ இப்படி அமையும்:

"செவ்வாய்க்கிழமை பட்டர்வொர்த்தில் நடந்த பயிற்சிக்கு நாங்கள் 180 மதிய உணவுப் பொட்டலங்களை வழங்கினோம். பங்கேற்பாளர்கள் சிலர் நோயுற்றதாக ஏற்பாட்டாளர் எங்களுக்குத் தெரிவித்தார். அவர்கள் விரைவில் நலம்பெற விரும்புகிறோம். புதன்கிழமை காலை மாவட்டச் சுகாதார அலுவலகத்தினர் எங்கள் சமையற்கூடத்தைச் சோதித்து மாதிரிகளை எடுத்துச் சென்றனர். உணவுச் சட்டத்தின்கீழ் அவர்கள் பிறப்பித்த உத்தரவின்படி கூடம் மூடப்பட்டுள்ளது. நோய்க்கான காரணம் எதுவென எங்களுக்கு இதுவரை தெரிவிக்கப்படவில்லை. சமையல், விநியோகம், பணியாளர் தொடர்பான பதிவேடுகளை அலுவலகத்திடம் ஒப்படைத்துள்ளோம். பணியாளர்களின் உடல்நல விவரங்களை வேறெவரிடமும் பகிர்வதில்லை. ஆய்வு முடிவு எங்களுக்குக் கிடைத்ததும் அதைப் பற்றி மீண்டும் பேசுவோம்."

காரணம் "கண்டறியப்படவில்லை" என்று எழுதாமல் "எங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை" என்று எழுதியதைக் கவனிக்கலாம். அலுவலகத்தினர் எதைக் கண்டறிந்தார்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரியாது. தமக்குத் தெரிவிக்கப்பட்டதை மட்டுமே அது உறுதியாகச் சொல்ல முடியும். 23 என்ற எண்ணை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இழப்பீடு பற்றி ஒரு சொல்லும் இல்லை. நிருபர் மீண்டும் கேட்டால், முடிவு தெரியும் முன் அதைப் பற்றிப் பேச இயலாது என்று சொன்னால் போதும். நோயுற்றவர்களைப் பற்றிய வரியில் பரிவு இருக்கிறது, பொறுப்பேற்பு இல்லை. காப்புறுதி முகவருக்கு இந்த நகலை நிருபருக்கு அனுப்பும் முன்பே அனுப்பிவிட வேண்டும். அவர் ஒரு மணி நேரத்தில் பதில் தராவிட்டாலும் அறிக்கையில் பொறுப்பை ஏற்கும் சொல் எதுவும் இல்லாததால் நிபந்தனை மீறப்படாது.

இந்த வழியின் மறைவான செலவு கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. மீண்டும் பேசுவோம் என்று எழுதிவிட்டால் பேசியே ஆக வேண்டும். ஆய்வு முடிவு பாதகமாக வந்தால் அன்று மௌனம் காப்பது, முதல் நாளே பேசாதிருந்ததைவிடக் கெட்ட பெயரைத் தரும். அதற்கு மனமில்லாதவர்கள் அந்த வாக்கியத்தை எடுத்துவிடுவதே மேல்.

நீளத்தையும் அடக்க வேண்டும். ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் அதில் எந்த வரியை எடுப்பது என்ற உரிமையை நிருபரிடம் ஒப்படைத்ததாகும். எட்டு ஒன்பது வாக்கியங்களுக்குள் நின்று, மிக முக்கியமான உண்மையை முதல் இரண்டில் வைத்தால், குறைக்கப்பட்டாலும் அது தப்பிப் பிழைக்கும். நிறுவனத்தின் வரலாறு, வென்ற விருதுகள், நீண்டகால வாடிக்கையாளர்கள் ஆகியவற்றுக்கு இங்கே இடமில்லை.

## தொலைபேசியில் பேசுவது

செய்தி நல்லதாகவோ விளக்கம் தேவைப்படும் தொழில்நுட்பமாகவோ இருந்தால் பேசுவதுதான் சிறந்தது. சமைத்த உணவை எந்த வெப்பத்தில் வைத்து எடுத்துச் செல்கிறார்கள் என்று ஒரு நிருபர் அறிய விரும்பினால், பத்து நிமிடப் பேச்சு ஒரு பக்க அறிக்கையைவிட நன்றாக விளக்கும். முன்பே பழகிய, நம் துறையைத் தெரிந்த செய்தியாளராக இருந்தால் ஆபத்தும் குறையும்.

குற்றச்சாட்டு உள்ள செய்தியில் நிலைமை வேறு. பேச்சில் இடைவெளி விழுந்தால் அதை நிரப்பத் தோன்றும். "இருக்கலாம்", "அப்படித்தான் நினைக்கிறேன்" என்று வாயிலிருந்து விழும் சொற்கள் மேற்கோள் குறிக்குள் போய்விடும். "அண்ணே, இது உங்களுக்கு மட்டும், எழுதாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பேசுவோர் பலர். எழுதக்கூடாது என்பது இரு தரப்பும் முன்கூட்டியே ஒத்துக்கொள்ளும் ஏற்பாடு. பேசி முடித்த பிறகோ, அவர் சரி என்று சொல்லும் முன்போ அது செல்லாது. புலனத்தில் அனுப்பும் குரல்பதிவும் தொலைபேசிப் பேட்டியைப் போன்றதே, ஒரு வித்தியாசத்தோடு: அது அப்படியே பிறருக்கு அனுப்பப்படும்.

என் ஆலோசனை, முதல் அழைப்பை எடுத்துப் பேசுவதும் அதில் பதில் எதுவும் தராதிருப்பதும்தான். செய்தி எதைப் பற்றியது, கெடு எப்போது, வேறு யாரிடம் பேசியிருக்கிறீர்கள், கையில் ஆவணம் ஏதேனும் உள்ளதா என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, ஐந்து மணிக்குள் எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லலாம். எந்த நிருபரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. கெடுவை ஒரு மணி நேரம் தள்ளக் கேட்பதும் வழக்கமே. ஆனால் சொன்ன நேரத்தில் அனுப்பியாக வேண்டும்.

## வழக்கறிஞர் கடிதம்

உறுதியான பொய் வெளியாகப் போகிறது, அதை மறுக்கும் ஆவணம் கையில் இருக்கிறது, வெளியானால் தொழிலே நின்றுபோகும் என்ற நிலையில் மட்டும் இது பொருந்தும். அப்போதும் கடிதத்தோடு அந்த ஆவணத்தையும் இணைத்தால்தான் ஆசிரியர் குழு நின்று யோசிக்கும். மிரட்டல் மட்டும் உள்ள கடிதம், "நிறுவனம் வழக்குத் தொடுக்கப்போவதாக எச்சரித்தது" என்று செய்தியிலேயே இடம்பெறும்.

சொல்லப்பட்டது உண்மையென்று நிரூபிப்போம் என ஊடகம் கூறும்போது, வெளியீட்டுக்கு முன்பே தடை விதிக்க நீதிமன்றங்கள் மிகவும் தயங்கும். அவதூறு வழக்குத் தொடுக்கத் தீபகற்ப மலேசியாவில் 1953-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் ஆறு ஆண்டு அவகாசம் தருகிறது. ஆகவே அன்று மாலைக்குள் கடிதம் அனுப்பியாக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. வழக்கறிஞரின் கட்டணத்தை அறிக்கையின் வரைவைப் படித்துப் பார்க்கச் செலவழிப்பது பெரும்பாலும் கூடுதல் பயன் தரும்.

## எந்தச் சூழலுக்கு எது

நம் உணவு நிறுவனத்துக்கு எழுத்து அறிக்கைதான் பொருந்தும்: உறுதியான உண்மைகள் கைவசம் உள்ளன, காரணம் தெரியவில்லை, ஓர் ஊழியரின் உடல்நலம் சம்பந்தப்பட்டுள்ளது, காப்புறுதியும் இருக்கிறது. இதே நிறுவனத்திடம் ஒரு நிருபர் அரிசி விலை உயர்வு சிறு கடைகளை எப்படிப் பாதிக்கிறது என்று கேட்டால் தயங்காமல் தொலைபேசியில் பேசலாம். சம்பள பாக்கி பற்றிய கேள்வி வந்து, பாக்கி இருப்பது உண்மையாகவும் இருந்தால், எவ்வளவு நாள் தாமதம், எந்தத் தேதியில் தரப்படும் என்ற இரண்டு வரிகள் நீண்ட விளக்கத்தைவிட மேலானவை. ஆனால் அந்தத் தேதியில் பணம் வங்கியில் இருக்கும் என்பது உறுதியாக வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் செய்தி வெளியானதும் அதை ஒருமுறை வரிவரியாகப் படிக்க வேண்டும். தலைப்பு பிடிக்கவில்லை, தொனி சரியில்லை என்பவற்றை விட்டுவிட்டு, உண்மைப் பிழைகளை மட்டும் எடுக்க வேண்டும். 180 பொட்டலம் 800 என்று அச்சாகியிருந்தால், பிழையான வரியையும் சரியான எண்ணையும் எழுதி, விநியோகச் சீட்டின் நகலை இணைத்து, வாடிக்கையாளரின் கையொப்பத்தை மறைத்துவிட்டு நிருபருக்கும் ஆசிரியருக்கும் அன்றே அனுப்பலாம். இணையப் பதிப்பில் இத்தகைய திருத்தம் சில மணி நேரத்திலேயே நடந்துவிடக்கூடும். அச்சு நாளிதழில் மறுநாள் ஒரு சிறிய திருத்தக் குறிப்பாக வரும்.